நெற்றிக்குக் கன்னத்தில் கடன் வாங்கினேன்

நண்பர் ஒருவர் அவருடைய அம்மாவின் பழைய கலர் போட்டோ ஒன்றைக் கொடுத்தார். பல வருடம் பிரேமுக்குள் இருந்து, ஈரம் பட்டு, கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட போட்டோ. பிரேமை மாற்றலாம் என்று யாரோ இழுத்தபோது நெற்றியின் நடுவில் ஒரு துண்டு கண்ணாடியோடு போய்விட்டது. (கண்ணாடியில் ஒட்டியிருந்தால் தயவுசெய்து இழுக்காதீர்கள். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் பண்ணிவிடலாம். அந்தப் பிம்பம் கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் கிழிந்த நெற்றியைவிட மேல்.)

கிழிசல் பெரிதல்ல. அகலம் சுமார் 9 மி.மீ., உயரம் 6 மி.மீ. ஆனால் முகம் பெரிதாகத் தெரியும் போட்டோ என்பதால், பார்க்கிறவர் கண் நேராக அந்த இடத்துக்குத்தான் போகும். புடவையில் கிழிந்திருந்தால் பத்து நிமிட வேலை. நெற்றியில் என்றால் அப்படியில்லை. அங்கே ஒளிந்துகொள்ள மடிப்போ நிழலோ கிடையாது.

600 டிபிஐ-யில், 16 பிட் டிஃப் கோப்பாக ஸ்கேன் செய்தேன். ஸ்கேனர் மென்பொருளில் தூசி நீக்குவது, கூர்மையாக்குவது எல்லாவற்றையும் அணைத்துவிட்டேன். அவை டெக்ஸ்சரை, அதாவது தோலின் நுண்ணிய சொரசொரப்பைத் தின்றுவிடும், நமக்கு வேண்டியதோ அதுதான். 600 டிபிஐ-யில் ஒரு மில்லிமீட்டர் ஏறக்குறைய 24 பிக்சல். அப்படியென்றால் நம் கிழிசல் சுமார் 213 × 142 பிக்சல். வேலை முழுக்க கிம்ப் என்ற படத்திருத்த மென்பொருளில் செய்தேன்.

முதல் முயற்சியை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஓரிடத்தை அப்படியே இன்னோரிடத்தில் நகலெடுக்கும் குளோன் கருவியை எடுத்து, கன்னத்திலிருந்து நேராக நெற்றியில் பூசினேன். மீதமிருந்த நெற்றியில் எடுக்க இடமில்லை. மேலே முடி நிழல், ஒரு பக்கம் வெளிச்சம் பட்டு வெளுத்த திட்டு. கன்னம்தான் சுத்தமாக இருந்தது. பூசி முடித்துத் தள்ளி நின்று பார்த்தால், நெற்றியில் சிவப்பாக ஒரு பிளாஸ்திரி ஒட்டியது மாதிரி இருந்தது. கன்னத்தில் ரத்த ஓட்டம் தோலுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் அது எப்போதும் கொஞ்சம் சிவப்பு. நெற்றி மஞ்சள் பக்கம் சாய்ந்தது. நேரில் யாரும் இதைக் கவனிப்பதில்லை, ஒன்றின் மேல் ஒன்றை வைத்தால்தான் தெரியும்.

அடுத்து ஹீல் கருவி. அது டெக்ஸ்சரை ஓரிடத்திலிருந்தும் நிறத்தைச் சுற்றுப்புறத்திலிருந்தும் எடுத்துக்கொள்ளும், எனவே சரியாக வரும் என்று நினைத்தேன். வரவில்லை. சுற்றுப்புறம் என்று அது எடுத்துக்கொண்டது கிழிசலின் விளிம்பை. அந்த விளிம்பு சிவப்பும் மஞ்சளுமாக இருந்ததால், நெற்றி முழுக்க அழுக்கு ஆரஞ்சு நிறம் பரவிவிட்டது.

இந்த விளிம்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கலர் பிரிண்டின் தாளில் மூன்று சாய அடுக்குகள் ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கும். மேலே சயான், நடுவில் மெஜந்தா, தாளை ஒட்டிக் கீழே மஞ்சள். கிழியும்போது மூன்றும் ஒரே கோட்டில் கிழிவதில்லை. சயான் மட்டும் போன இடத்தில் மெஜந்தாவும் மஞ்சளும் மிச்சமிருப்பதால் சிவப்பாகத் தெரியும். மெஜந்தாவும் போன இடம் மஞ்சள். மூன்றும் போனால் வெள்ளைத் தாள். ஆக, கிழிசலைச் சுற்றி வெளியே சிவப்பு வளையம், உள்ளே மஞ்சள் வளையம், நடுவில் வெள்ளை. ஈரம் பட்ட கலர் போட்டோக்கள் பலவற்றில் இதைப் பார்க்கலாம்.

இதில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. Colors > Components > Decompose போய் RGB என்று பிரித்தால் மூன்று சேனல்களும் தனித்தனிக் கறுப்பு வெள்ளைப் படங்களாக வரும். சயான் சாயம் சிவப்பு ஒளியைத் தடுப்பது, அதனால் சயான் போன இடமெல்லாம் சிவப்பு சேனலில் வெள்ளையாகத் தெரியும். சேதத்தின் உண்மையான எல்லை அதுதான். கண்ணுக்கு நல்ல தோல் மாதிரித் தெரிந்த ஓரங்கள்கூட அங்கே பளிச்சென்று காட்டிக்கொடுத்துவிட்டன. நீல சேனலில் ஓட்டை சின்னது, ஏறக்குறைய 6 × 4 மி.மீ. மஞ்சள் அடுக்கு கீழே தப்பித்துக் கிடந்ததுதான் காரணம். இந்த நீல சேனலுக்குக் கடைசியில் மறுபடி வர வேண்டியிருந்தது, அப்போது எனக்கு அது தெரியாது.

சிவப்பு சேனலைப் பார்த்து Free Select கருவியால் எல்லையை வரைந்தேன். Select > Grow கொடுத்து 4 பிக்சல் பெரிதாக்கி, Select > Save to Channel மூலம் சேமித்துக்கொண்டேன். இந்த எல்லைக்கு உள்ளே இருப்பது எதையும் நம்பக் கூடாது என்று வைத்துக்கொண்டேன்.

இரண்டு தோல்விக்கும் காரணம் ஒன்றே. நிறத்தையும் டெக்ஸ்சரையும் ஒரே கையில் எடுத்து ஒட்டப் பார்த்தேன். இரண்டுக்கும் வேண்டிய விளிம்பு நேர் எதிரானது. நிறம் ஓரத்தில் மெதுவாகக் கரைந்து கலக்க வேண்டும். டெக்ஸ்சரை அப்படிக் கரைத்தால் கெட்டுவிடும். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு டெக்ஸ்சர்களைப் பாதிப் பாதி கலந்தால், ஒன்றின் மேடு இன்னொன்றின் பள்ளத்தில் விழுந்து, இரண்டும் அடங்கிப்போகும். அந்த இடம் மட்டும் மொழுமொழுவென்று மெழுகு மாதிரி ஆகிவிடும். பல போட்டோக்களில் ஒட்டுவேலையைச் சுற்றி ஒரு மங்கல் வளையம் தெரிவது இதனால்தான். அதனால் முதலில் நிறம், அதன் மேல் டெக்ஸ்சர் என்று தனித்தனி லேயரில் செய்வதாக முடிவு.

நிறத்துக்கு ஒரு வெற்று லேயர். Color Picker கருவியில் Sample average-ஐ வைத்து, ஆரம் 7 என்று கொடுத்தேன். ஒற்றைப் பிக்சலைத் தொட்டால் அது ஒரு துளையின் இருட்டாகவோ ஒரு துகளின் வெளிச்சமாகவோ இருக்கலாம், சராசரிதான் நிறத்தைச் சொல்லும். எல்லைக்குப் பத்துப் பிக்சல் வெளியே, சுற்றிலும் பன்னிரண்டு இடங்களில் தொட்டுப் பார்த்தேன். 8 பிட் கணக்கில் சொன்னால், வெளிச்சம் வரும் இடது பக்கம் 216, 170, 142. வலது பக்கம் 198, 148, 120. மேலே முடிக்குக் கீழே 182, 134, 108. கன்னத்தில் 190, 128, 104. சிவப்புக்கும் பச்சைக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். நெற்றியில் 46 முதல் 50 வரை, கன்னத்தில் 62. அந்தச் சிவப்புப் பிளாஸ்திரி வந்த வழி இதுதான்.

ஒவ்வொரு இடத்திலும் தொட்ட நிறத்தை மென்மையான பிரஷ்ஷால் உள்நோக்கி இழுத்தேன். நெற்றி உருண்டையானது, வெளிச்சம் இடது மேலிருந்து வருகிறது. அதனால் இடமிருந்து வலமாக நிறம் இறங்க வேண்டும், முடியை நோக்கியும் இறங்க வேண்டும். ஒரே நிறத்தை நடுவில் ஊற்றினால் நெற்றி தட்டையாகிவிடும். எல்லையைத் தாண்டி 30 பிக்சல் வெளியே வரை பூசினேன். அப்புறம் அந்த லேயருக்கு மட்டும் Gaussian Blur, அளவு 20. வெளியே தாண்டிப் பூசியது வீணில்லை. எல்லையோடு நிறுத்தியிருந்தால் மங்கலாக்கும்போது ஓரம் கண்ணாடி மாதிரி ஆகி, கீழே உள்ள வெள்ளையும் சிவப்பும் எட்டிப் பார்த்திருக்கும். கடைசியாக, சேமித்த எல்லையை 6 பிக்சல் இன்னும் பெரிதாக்கி, ஓரம் மெதுவாகக் கரைய 6 பிக்சல் Feather கொடுத்து, அதற்குள் மட்டும் நிறம் தெரியும்படி அதை லேயர் மாஸ்க் ஆக்கினேன்.

இந்தக் கட்டத்தில் நெற்றி பீங்கான் பொம்மையினுடையது மாதிரி இருக்கும். நிறம் சரி, உயிர் இல்லை. பதறாமல் அப்படியே விட வேண்டும். இங்கே பிரஷ்ஷால் புள்ளி வைத்துத் தோலை வரைய நினைத்தால் கெட்டது.

இனி கன்னம். கன்னத்தில் எந்த இடம் என்பதும் முக்கியம். மூக்குக்குப் பக்கத்தில் துளைகள் பெரிது, நெற்றியில் அப்படி இருக்காது. காதுப் பக்கம் முகம் திரும்பிப் போவதால் டெக்ஸ்சர் நெருக்கிப் பிடித்த மாதிரி குறுகியிருக்கும். கன்ன எலும்புக்குச் சற்றுக் கீழே, கேமராவை நேராகப் பார்க்கும் பகுதிதான் ஒத்துவந்தது. அதுவும் வெளிச்சம் விழும் இடது கன்னம். ஒவ்வொரு துளைக்கும் ஒரு வெளிச்ச ஓரமும் ஒரு நிழல் ஓரமும் உண்டு. வலது கன்னத்தை எடுத்துக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பினால் வெளிச்சம் வலது பக்கத்திலிருந்து வருவதாகத் துளைகள் சொல்லும். யாரும் சுட்டிக்காட்ட மாட்டார்கள், ஆனால் ஏதோ சரியில்லை என்று தோன்றும்.

இன்னொன்று, சுழற்றவும் கூடாது. இந்தப் பிரிண்ட் பளபளத் தாள் இல்லை, மேற்பரப்பில் நுண்ணிய நெசவு மாதிரி ஒரு அச்சு உள்ள தாள். ஸ்கேனில் நாம் தோல் என்று நினைப்பதில் பாதி அந்தத் தாளின் அச்சுதான், மிச்சத்தில் ஒரு பங்கு பிலிம் கிரெய்ன். துண்டைப் பதினைந்து டிகிரி சுழற்றினாலே நெசவு முறிந்து ஒட்டுப் போட்டது தெரிந்துவிடும். பளபளத் தாளாக இருந்திருந்தால் இந்தக் கட்டுப்பாடு இல்லை.

டெக்ஸ்சரை மட்டும் பிரித்தெடுக்கும் முறை சுலபம். மூலப் படத்தை இரண்டு பிரதி எடுத்து, மேலே உள்ளதை Gaussian Blur-ஆல் மங்கலாக்கி, அதன் Mode-ஐ Grain extract என்று மாற்ற வேண்டும். பிறகு Layer > New from Visible. சாம்பல் நிறத்தில், தோலின் மேடுபள்ளம் மட்டும் உள்ள ஒரு லேயர் கிடைக்கும். அதை எதன் மேல் Grain merge முறையில் வைத்தாலும் அந்த மேடுபள்ளம் அதில் ஏறும். உள்ளே நடக்கும் கணக்கு இவ்வளவுதான்:

```
டெக்ஸ்சர் = கூர்மையானது − மங்கலானது + 128
முடிவு    = அடிநிறம் + டெக்ஸ்சர் − 128
```

கன்னத்தின் சிவப்பு மங்கலான பிரதியோடு கழிந்துபோய்விடுகிறது. நெற்றிக்கு வந்து சேர்வது சொரசொரப்பு மட்டும். எவ்வளவு மங்கலாக்குவது என்பதைக் கண்ணால்தான் முடிவு செய்தேன். துளைகள் மறையும் வரை கூட்டி, கன்னத்தின் உருண்டை கலையத் தொடங்குமுன் நிறுத்தினேன். இந்த ஸ்கேனுக்கு 6-இல் நின்றது. அதிகமாகக் கொடுத்தால் கன்னத்தின் நிழலும் டெக்ஸ்சரோடு சேர்ந்து வந்து, நெற்றியில் திட்டுத் திட்டாக விழும். டெக்ஸ்சர் லேயரைத் தனியாகப் பார்க்கும்போது முகத்தின் வடிவம் அடையாளம் தெரிந்தால் அளவு கூடிவிட்டது என்று பொருள்.

கன்னத்தில் மச்சமும் பழுதும் இல்லாத இடம் 150 × 120 பிக்சல்தான் கிடைத்தது. வேண்டியது அதைவிடப் பெரிது. ஆகவே கொஞ்சம் தள்ளித் தள்ளி மூன்று துண்டு எடுத்தேன். ஒரே துண்டை மூன்று முறை ஒட்டினால், எங்கேயாவது ஒரு புள்ளி மூன்று இடத்தில் வந்து நின்று கண்ணைச் சிமிட்டும். துண்டுகளை நேர்க்கோட்டில் வெட்டாமல் கடற்கரை ஓரம் மாதிரி கோணல்மாணலாக வெட்டினேன். ஓரத்துக்கு Feather வெறும் 2 பிக்சல். நிறத்துக்கு அகலமாகவும் டெக்ஸ்சருக்கு ஒடுக்கமாகவும் மாஸ்க் வைக்கும் இடம் இதுதான்.

ஒட்டியாயிற்று. நிறம் பொருந்தியது, ஆனாலும் நெற்றி சொறிசொறியாக இருந்தது. கன்னத்தின் டெக்ஸ்சர் நெற்றியைவிட வலுவானது. Opacity-யைக் குறைக்க வேண்டும் என்று தெரிகிறது, எவ்வளவு? கண்ணை நம்பாமல் அளந்தேன். மூலப் படத்தின் டெக்ஸ்சர் லேயரில், கிழிசலுக்கு நன்றாகத் தள்ளி, நல்ல நெற்றியில் ஒரு சின்னக் கட்டம் தேர்ந்தெடுத்து, Histogram பலகத்தில் பச்சை சேனலின் Std dev பார்த்தேன். 3.4. கன்னத் துண்டில் 5.1. மேடுபள்ளத்தின் உயரம் என்று அந்த எண்ணை வைத்துக்கொள்ளலாம். Grain merge-இல் Opacity அந்த உயரத்தை நேர்விகிதத்தில் குறைக்கும். 3.4 ÷ 5.1 என்றால் மூன்றில் இரண்டு பங்கு. Opacity 67 வைத்ததும் நெற்றி அமைதியாகிவிட்டது. இந்த வேலையில் எனக்கு அதிகத் திருப்தி தந்த நிமிடம் அதுதான்.

சரிபார்ப்புக்கு New from Visible மூலம் ஒரு பிரதி எடுத்து, Curves-இல் கோட்டை மேலும் கீழுமாக மூன்று நான்கு முறை அலைபோல வளைத்தேன். படம் அசிங்கமான வண்ணக் கோலமாகிவிடும், ஆனால் நிறம் எங்கே தாவுகிறதோ அங்கே வரைபடம் மாதிரி கோடுகள் உடைந்து தெரியும். வலது கீழ் ஓரத்தில் ஒரு உடைப்பு. அந்த இடத்தில் தொட்ட நிறமே சிவப்பு வளையத்தின் மேல் விழுந்திருந்தது. நிற லேயரில் மட்டும் திருத்தினேன், டெக்ஸ்சரைத் தொடவே இல்லை. இரண்டும் பிரிந்திருந்தால் இந்தச் சௌகரியம் உண்டு. பிறகு 25 சதவீதத்துக்குச் சுருக்கியும், படத்தை இடவலமாகத் திருப்பியும் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை.

நண்பருக்கு அனுப்பினேன். பத்து நிமிடம் கழித்து போன் வந்தது.

“ரொம்ப நல்லா வந்திருக்குங்க. எங்க கிழிஞ்சதுன்னே தெரியல. ஆனா… அம்மா மாதிரி இல்லையே.”

“எங்கே மாறியிருக்கு?”

“தெரியலையே. என்னவோ ரொம்ப சாந்தமா இருக்காங்க. அம்மா அப்படிக் கிடையாது.”

பிறகு அவரே அம்மாவின் வேறு போட்டோக்களைப் பார்த்துவிட்டுச் சொன்னார், புருவங்களுக்கு மேலே நெற்றியில் குறுக்காக ஒரு சுருக்கம் இருக்குமாம், சிரிக்கும்போதுகூட. நான் கன்னத்தைக் கொண்டு வந்து அதை மூடியிருந்தேன். கன்னத்தில் அந்த மாதிரி ரேகை ஏது?

இருந்திருந்தால் அதன் தடம் எங்காவது மிஞ்சியிருக்க வேண்டும் என்று சேனல்களுக்குத் திரும்பினேன். சிவப்பிலும் பச்சையிலும் வெள்ளைதான். நீல சேனலில், சயானும் மெஜந்தாவும் போய் மஞ்சள் மட்டும் தங்கிய வளையத்தில், Curves-ஐக் கொஞ்சம் செங்குத்தாக்கியதும் இடது ஓரத்தில் ஒரு கருங்கோடு உள்ளே நுழைவது தெரிந்தது. வலது ஓரத்தில், அதைவிட மூன்று பிக்சல் தாழ்வாக, இன்னொன்று வெளியே வந்தது. நான் ஓட்டை என்று ஒதுக்கிய இடத்துக்குள்ளேயே ரேகையின் இரண்டு முனைகளும் இருந்திருக்கின்றன. நீல சேனல் கலர் பிரிண்ட் ஸ்கேனில் இரைச்சல் அதிகமுள்ளது என்பதால் முதலில் நான் உற்றுப் பார்க்கவே இல்லை.

நடுவில் இருப்பது சுமார் 140 பிக்சல் தூரம், அதற்குச் சான்று எதுவும் இல்லை. இரண்டு முனைகளையும் லேசான வளைவில் இணைத்தேன். ரேகை டெக்ஸ்சர் அல்ல, நிழல். அதனால் நிற லேயருக்கு மேலே, டெக்ஸ்சருக்குக் கீழே ஒரு புது லேயரில் வரைந்தேன். 5 பிக்சல் மென் பிரஷ், சுற்றியுள்ள தோலைவிடப் பதினைந்து அளவு இருட்டான அதே நிறம். கோட்டுக்குக் கீழே ஒட்டினாற்போல் மெல்லிய வெளிச்ச ஓரம் ஒன்று. மேலிருந்து ஒளி விழும்போது மடிப்பின் மேல் சரிவு இருட்டாகவும் கீழ் விளிம்பு வெளிச்சமாகவும் இருக்கும். கன்னத்தின் சொரசொரப்பு அதன் மேல் ஏறியதும் அது வரைந்த கோடாகத் தெரியவில்லை.

நடுப்பகுதி என் ஊகம் என்பதை நண்பரிடம் சொல்லி, ரேகை லேயரை அணைத்த பிரதி ஒன்றும் சேர்த்து அனுப்பினேன். அவர் ரேகை உள்ளதைத்தான் பிரிண்ட் போடக் கொடுத்தார்.